அமுக்கரா கேப்ஸ்யூல் லேபிளைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகைப் பொருட்களின் லேபிளைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே செடியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமுக்கரா, அதாவது அசுவகந்தா. லேபிளில் வரக்கூடிய குழப்பங்கள் அத்தனையும் இந்த ஒரு பொருளில் வந்துவிடும். கூடவே ஒரு டப்பாவும் உண்டு. தூக்கம் சரியாக வரவில்லை என்று என் மாமா வாங்கி, "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று கொண்டுவந்து கொடுத்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. லேபிளில் இருந்தது இவ்வளவுதான்:

முன்பக்கம்: "அசுவகந்தா 1000 மி.கி."

பின்பக்கம்: "ஒரு வேளை அளவு 2 கேப்ஸ்யூல். ஒரு வேளை அளவில்: விதானியா சோம்னிஃபெரா எக்ஸ்ட்ராக்ட் (4:1) 250 மி.கி., 1000 மி.கி. உலர்ந்த மூலிகைக்குச் சமம். விதனோலைடு 5%."

அடியில் பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம். அவ்வளவுதான். கீழே வரும் கேள்விகளில் பாதி மாமா கேட்டவை. மீதி, இந்தக் கதையைக் கேட்டவர்கள் கேட்டவை.

முன்பக்கத்திலேயே 1000 மி.கி. என்று போட்டிருக்கிறதே, அப்புறம் எதற்குப் பின்பக்கம்?

கேப்ஸ்யூலுக்குள் 1000 மி.கி. எதுவும் இல்லை என்பதால்தான். மாமாவின் டப்பாவில் ஒரு வேளைக்கு உண்மையில் இருப்பது 250 மி.கி. எக்ஸ்ட்ராக்ட், அதாவது மூலிகையிலிருந்து கரைத்தெடுத்து உலர்த்திய சாறு. அதுவும் இரண்டு கேப்ஸ்யூலைச் சேர்த்து. ஒரு கேப்ஸ்யூலுக்கு 125 மி.கி. அந்த 1000 என்பது, இந்த எக்ஸ்ட்ராக்டைத் தயாரிக்க எவ்வளவு காய்ந்த மூலிகை செலவானது என்று போட்ட கணக்கு. அது பொய் இல்லை, ஆனால் நாம் விழுங்கும் அளவும் இல்லை.

கையில் எடுத்தாலே சந்தேகம் வர ஒரு வழி உண்டு. பரவலாகப் பயன்படும் பெரிய கேப்ஸ்யூல்களில் ஒன்று "0" அளவு. அதன் கொள்ளளவு சுமார் 0.68 மில்லி லிட்டர். மூலிகைத் தூளை நிரப்பினால் சுமாராக 400 முதல் 500 மி.கி. வரை பிடிக்கும். அதனால் நடுத்தர அளவுள்ள ஒரே கேப்ஸ்யூலில் 1000 மி.கி. என்று எங்கே பார்த்தாலும், "சமம்" என்ற சொல் எங்கோ சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அமுக்கரா என்றால் எல்லோருக்கும் தெரியும். லத்தீன் பெயர் அவ்வளவு முக்கியமா?

ஆமாம், முக்கியம். ஊர்ப்பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு இருக்கும். அதனால் வந்த மோசமான விபத்து 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நடந்தது. எடை குறைப்பதற்காகக் கொடுத்த கலவையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற செடி இருந்திருக்க வேண்டும். அதன் இடத்தில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வந்துவிட்டது. சீன மொழியில் இரண்டுக்குமே "ஃபாங் ஜி" என்று முடியும் பெயர். இரண்டாவது செடியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பலருக்கு முழுமையாகச் செயலிழந்தது.

அதனால் லேபிளில் "விதானியா சோம்னிஃபெரா" என்று இரண்டு சொற்களும் இருக்க வேண்டும். "விதானியா" மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பேரினத்தில் வேறு செடிகளும் உண்டு. மாமாவின் டப்பா இந்த இடத்தில் தேறியது.

வேரா இலையா என்று ஏன் பார்க்க வேண்டும்? இரண்டும் ஒரே செடிதானே?

ஒரே செடிதான், ஆனால் ஒரே சரக்கு இல்லை. மரபில் உள்ளுக்குச் சாப்பிடுவது அமுக்கராவின் வேர். வழக்கில் "அமுக்கராக் கிழங்கு" என்று சொல்கிறோமே, அதுவும் இந்த வேரைத்தான். அமுக்கரா மீது நடந்த மருத்துவ ஆய்வுகளிலும் பெரும்பாலானவை வேரிலிருந்து எடுத்த எக்ஸ்ட்ராக்டை வைத்து நடந்தவை.

இலையில் கலவையே மாறுகிறது. விதஃபெரின் ஏ என்ற பொருள் வேரைவிட இலையில் நிறைய உண்டு. அது செல்களைக் கொல்லும் தன்மை உடையது. புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்கள் அதைக் கவனிப்பதும் அதற்காகத்தான். தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் தினமும் சாப்பிடும் பொருளில் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இலை உள்ளே வரக் காரணம் எளிமையானது. வேரை எடுக்கச் செடியையே பிடுங்க வேண்டும், கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும். இலை அந்த அறுவடையில் கூடவே, அநேகமாகச் சும்மா கிடைக்கிறது. அதோடு, லேபிளில் சதவீதம் போட்டு அளக்கும் விதனோலைடு என்ற பொருட்கள் இலையிலும் இருப்பதால், "5 சதவீதம்" என்ற எண்ணை இலையைச் சேர்த்து எட்டுவது சுலபம். லேபிளில் "வேர்" என்ற சொல் இல்லாமல் "மூலிகை", "முழுச் செடி", "வேர் மற்றும் இலை" என்று எது இருந்தாலும் இதை நினைவில் வையுங்கள். "வேரும் இலையும்" என்று வெளிப்படையாக எழுதுகிறவர் குறைந்தபட்சம் உண்மையைச் சொல்கிறார். மாமாவின் டப்பா "உலர்ந்த மூலிகை" என்று மட்டும் சொன்னது. என் முதல் சந்தேகம் இங்கேதான் தொடங்கியது.

தூள் நல்லதா, எக்ஸ்ட்ராக்ட் நல்லதா?

எது நல்லது என்பதைவிட, இரண்டின் மி.கி.யும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். தூள் என்றால் வேரைக் காயவைத்து அரைத்தது, நாரும் மாவுச்சத்தும் உட்பட எல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்ட்ராக்ட் என்றால் வேரைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ இரண்டும் கலந்த கரைசலிலோ ஊறவைத்து, கரைந்து வந்ததை மட்டும் வடித்து, உலர்த்தி எடுத்தது. 500 மி.கி. தூளும் 500 மி.கி. எக்ஸ்ட்ராக்டும் வெவ்வேறு பொருட்கள். லேபிளில் "அசுவகந்தா 500 மி.கி." என்று மட்டும் இருந்து, தூளா எக்ஸ்ட்ராக்டா என்று சொல்லவில்லை என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

4:1, 10:1 என்று போடுகிறார்களே, பெரிய எண் என்றால் வீரியம் அதிகமா?

இல்லை. 10:1 என்றால் 10 கிலோ வேரிலிருந்து 1 கிலோ எக்ஸ்ட்ராக்ட் கிடைத்தது என்பது மட்டுமே பொருள். எது கரைந்து வந்தது என்பதை அந்த விகிதம் சொல்லாது. அது கரைப்பானைப் பொறுத்தது. தண்ணீர் ஒரு வகையான பொருட்களை இழுக்கும், ஆல்கஹால் வேறு வகையானவற்றை இழுக்கும். மோசமான வேரை 10 கிலோ போட்டாலும் 10:1 தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலர்த்தும்போது எக்ஸ்ட்ராக்ட் கட்டிதட்டாமல் இருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவைச் சேர்ப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் விகிதத்தைக் கணக்கிட்டது மாவு சேர்ப்பதற்கு முன்பா, பின்பா? நல்ல லேபிள் "கலப்பில்லாத எக்ஸ்ட்ராக்ட் இத்தனை சதவீதம், மால்டோடெக்ஸ்ட்ரின் இத்தனை சதவீதம்" என்று பிரித்துச் சொல்லும். கரைப்பானின் பெயரையும் சொல்லும்.

"தரப்படுத்திய எக்ஸ்ட்ராக்ட், 5% விதனோலைடு" என்றால் என்ன?

செடி ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும். மண், மழை, செடியின் வயது எல்லாமே உள்ளிருக்கும் பொருட்களின் அளவை மாற்றும். அதனால் ஒரு குறிப்பிட்ட பொருளை, இங்கே விதனோலைடு என்ற குடும்பத்தை, அடையாளமாக வைத்து, ஒவ்வொரு பேட்சிலும் அது ஒரே அளவில் வரும்படி தயாரிப்பைச் சரிசெய்கிறார்கள். இதுதான் தரப்படுத்துதல். 5% என்றால் 100 மி.கி. எக்ஸ்ட்ராக்டில் 5 மி.கி. விதனோலைடு.

இந்தச் சொல் கொஞ்சம் தாராளமாகவே புழங்குகிறது. மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அதிகாரபூர்வ நூலான ஐரோப்பிய மருந்து நூல் இதில் கறாரானது. பலன் தருவது இந்தப் பொருள்தான் என்று தெரிந்த எக்ஸ்ட்ராக்டுகளை மட்டுமே அது "தரப்படுத்தியவை" என்று அழைக்கிறது. மற்றவற்றில் அளக்கப்படும் பொருள் வெறும் அடையாளக் குறியாகவும் இருக்கலாம். ஆக 5% என்ற எண், பேட்சுக்குப் பேட்ச் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும். 10% போட்டது 5% போட்டதைப்போல இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று அதற்குப் பொருள் இல்லை.

விகிதமும் இருக்கிறது, சதவீதமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து என்ன சொல்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு மாமாவின் லேபிளை என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள்.

எக்ஸ்ட்ராக்ட் 250 மி.கி., அதில் விதனோலைடு 5%. ஆக, 12.5 மி.கி. விதனோலைடு. விகிதம் 4:1. ஆக, 250 மி.கி. எக்ஸ்ட்ராக்டுக்குச் செலவானது 1000 மி.கி. மூலிகை. இந்த 12.5 மி.கி. முழுவதும் அந்த 1000 மி.கி. மூலிகையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். லேபிள் சொல்வதுபடி வேறு எங்கிருந்தும் வர முடியாது. அப்படியென்றால் மூல வேரில் குறைந்தது 1.25% விதனோலைடு இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் முழுதும் கரைந்து வந்திருந்தால்.

இப்போது கேட்க வேண்டியது, வேரில் இயல்பாக எவ்வளவு இருக்கும் என்பது. அமெரிக்க மருந்து நூல் அமுக்கரா வேருக்குக் கேட்கும் குறைந்தபட்சமே 0.3% தான். முறையாக அளந்தால் வேர் பொதுவாக 1 சதவீதத்துக்குக் கீழேதான் நிற்கும். பேச்சுக்கு 0.5% என்று வைத்துக்கொள்வோம், அது நல்ல வேர்தான். 1000 மி.கி. வேரில் 5 மி.கி. விதனோலைடு. அதிலிருந்து 12.5 மி.கி. எடுப்பது எப்படி? முடியாது.

0.5% வேரிலிருந்து 5% எக்ஸ்ட்ராக்ட் வேண்டுமென்றால், எதுவும் இழக்காமலே 10:1 ஆக வேண்டும். நிஜத்தில் கொஞ்சம் இழப்பு இருக்கும், ஆக அதற்கும் மேலே போகும். அதனால் "வேர், 10:1 அல்லது அதற்கு மேல், 5%" என்ற லேபிளைப் பார்த்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. "4:1, 5%" என்றால் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாததற்கு நான்கு காரணங்களை என்னால் சொல்ல முடியும். இலை கலந்திருக்கலாம். அளந்த முறை எண்ணைப் பெருக்கிக் காட்டியிருக்கலாம். தனியாகப் பிரித்தெடுத்த விதனோலைடை மேலே சேர்த்திருக்கலாம். அல்லது 4:1 என்பது வேறு ஏதோ சரக்கின் லேபிளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டதாக இருக்கலாம். எது என்று லேபிளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்க இவ்வளவு போதும். மாமா நிறுவனத்துக்கு எழுதினார். என்ன பதில் வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் கணக்கு எந்த மூலிகைக்கும் பொருந்தும். எக்ஸ்ட்ராக்டின் சதவீதத்தை விகிதத்தின் முதல் எண்ணால் வகுங்கள். 5-ஐ 4-ஆல் வகுத்தால் 1.25. மூலச் சரக்கில் குறைந்தபட்சம் இருந்திருக்க வேண்டிய சதவீதம் அது. அந்தச் செடியில் அவ்வளவு இயற்கையாக இருக்குமா என்று தேடிப் பார்த்தால் போதும்.

5% என்று அளந்ததை நம்பலாமா? ஆய்வுக்கூடத்தில்தானே அளக்கிறார்கள்?

எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய முறை எடையை வைத்து அளப்பது. எக்ஸ்ட்ராக்டை ஒரு கரைப்பானில் கரைத்து, ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுத்து "இவ்வளவு விதனோலைடு" என்று எழுதுவார்கள். கூடவே கரைந்து வந்த மற்றதெல்லாம் அந்த எடையில் சேர்ந்துவிடும். ஒளி உறிஞ்சுதலை வைத்து அளக்கும் யு.வி. முறையிலும் இதே குறை உண்டு. ஒரே அலைநீளத்தை உறிஞ்சும் வேறு பொருட்களையும் அது சேர்த்து எண்ணும். எச்.பி.எல்.சி. என்ற முறை ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கிறது. அதனால் எடை முறையில் 5% காட்டிய அதே சரக்கு எச்.பி.எல்.சி.யில் அதைவிட மிகவும் குறைவாகக் காட்டுவது உண்டு.

ஆகவே சதவீதத்துக்குப் பக்கத்தில் "எச்.பி.எல்.சி. முறைப்படி" என்று இருக்கிறதா என்று பாருங்கள். முறை எழுதாத சதவீதத்தை நான் பாதி எண்ணாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு? லேபிளில் போட்ட அளவு சரியா?

முதலில் "ஒரு வேளை அளவு" எத்தனை கேப்ஸ்யூல் என்று பாருங்கள், பிறகு ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று பாருங்கள். சத்துப் பட்டியலில் உள்ள எண்கள் பெரும்பாலும் ஒரு வேளை அளவுக்கானவை, ஒரு கேப்ஸ்யூலுக்கானவை அல்ல. மாமா தினம் ஒரு கேப்ஸ்யூல்தான் போட்டுக்கொண்டிருந்தார். லேபிளின் கணக்கில் பாதிதான் அவருக்குப் போனது.

அடுத்தது ஒப்பிடுவது. அமுக்கரா ஆய்வுகளில் அடிக்கடி வரும் அளவு, 5% வேர் எக்ஸ்ட்ராக்ட் 300 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, சுமார் 8 வாரம். அதாவது தினம் 600 மி.கி. எக்ஸ்ட்ராக்ட், 30 மி.கி. விதனோலைடு. இன்னொரு ஆய்வில் கொடுத்தது தினம் 240 மி.கி. தான். ஆனால் அது 35% அளவுக்குச் செறிவூட்டிய எக்ஸ்ட்ராக்ட். கணக்குப் பார்த்தால் 84 மி.கி. விதனோலைடு கிளைகோசைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறு இணைந்த விதனோலைடு. மி.கி.யை மட்டும் பார்த்தவர் 240 சிறியது என்று நினைப்பார்.

அதனால் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரியைப் படித்தால் மூன்றைப் பொருத்திப் பாருங்கள்: அதே பாகமா, அதே வகை எக்ஸ்ட்ராக்டா, அதே தினசரி அளவா. மாமாவின் டப்பாவைப்போல ஒரு வேளைக்கு 250 மி.கி. தரும் பொருள், தினம் 600 மி.கி. கொடுத்த ஆய்வின் பலனைப் பற்றிப் பேசினால் அது பொருந்தாது. குறைகிறதே என்று நாமாகக் கேப்ஸ்யூலை இரட்டிப்பாக்குவதும் கூடாது. உள்ளே இருப்பது என்ன என்றே உறுதியாகத் தெரியாதபோது, தெரியாததும் சேர்ந்து இரட்டிப்பாகும்.

பத்து மூலிகைகள் சேர்ந்த கலவை வாங்கினேன். ஒவ்வொன்றின் அளவும் இல்லையே?

"கலவை 600 மி.கி." என்று மொத்த எடையை மட்டும் போட்டுவிட்டுப் பத்துப் பெயர்களை அடுக்கியிருப்பார்கள். எடை அதிகமானது முதலில் என்ற வரிசை வழக்கம். கடைசியில் வரும் பெயர் ஒரு மி.கி. இருந்தாலும் லேபிளில் இடம்பெறும். மேலே போட்ட எந்தக் கணக்கையும் இதில் போட முடியாது. நான் வாங்கமாட்டேன்.

மெக்னீசியம் ஸ்டியரேட், சிலிக்கா என்று ஏதேதோ இருக்கிறது. கெடுதலா?

சிறிய அளவில் பயப்பட ஒன்றுமில்லை. தூள் இயந்திரத்தில் ஒட்டாமல் சீராக இறங்கச் சேர்ப்பவை. கேப்ஸ்யூலின் ஓடு ஜெலட்டினா, தாவரத்திலிருந்து எடுத்ததா என்பதைச் சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த வரியில்தான் பார்க்க வேண்டும்.

பேட்ச் எண் நமக்கு எதற்கு? அது தயாரிப்பவருக்கானது இல்லையா?

அது உங்களுக்கும்தான். ஒரு பேட்ச் என்பது ஒரே தடவையில் ஒரே மூலச் சரக்கைப் போட்டுத் தயாரித்த தொகுதி. மூலிகையில் தவறு நடந்தால் பெரும்பாலும் அந்த ஒரு தொகுதியோடு வரும்.

1997-ல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். சாதாரண வாழையோடு சம்பந்தமில்லாத, பிளாண்டெய்ன் என்ற சிறு மூலிகைச் செடியின் சரக்கில் டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற செடி கலந்துவிட்டது. இதயத் துடிப்பையே மாற்றக்கூடிய மருந்துப் பொருட்கள் அதில் இருக்கின்றன. அதைச் சாப்பிட்டவர்கள் இதயப் பிரச்சினையோடு மருத்துவமனைக்கு வந்த பிறகு, மூலச் சரக்கின் வழியே பின்னோக்கிப் போய்த்தான் எங்கெங்கே அது போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் பேட்ச் எண் ஒன்றுதான் வழிகாட்டி.

அதனால் தூளை வேறு பாட்டிலுக்கு மாற்றினால் லேபிளைப் படமெடுத்து வையுங்கள். உடம்புக்கு ஏதாவது செய்தால் டப்பாவைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் இடங்களிலும் பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.

நிறுவனத்திடம் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டால் தருவார்களா? அதில் எதைப் பார்ப்பது?

பலர் தருகிறார்கள். மாமா எழுதியபோது முதலில் வந்தது சான்றிதழே அல்ல, பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரத்தாள். "விதனோலைடு: 5 சதவீதத்துக்குக் குறையாமல்" என்று இருந்தது. அது நிபந்தனை, அளந்த முடிவு இல்லை. பேட்ச் எண்ணும் இல்லை. இரண்டு தாள்களையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கேட்ட பிறகு உண்மையான சான்றிதழ் வந்தது. அதில் மூன்று வரிகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. பயன்படுத்திய பாகம்: வேரும் இலையும். விதனோலைடு: 5.1%. முறை: எடை முறை. நாம் காகிதத்தில் போட்ட கணக்கு ஏன் இடித்தது என்பதற்கு முதல் இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருந்தன. இத்தனைக்கும் சான்றிதழ் அவர்களுடைய கேப்ஸ்யூலுக்கானது இல்லை, வேறொருவரிடம் வாங்கிய எக்ஸ்ட்ராக்டுக்கானது. பேட்ச் எண் டப்பாவில் இருந்ததோடு பொருந்தாததற்கும் அதுதான் காரணம். மூலச் சரக்கின் எண் வேறாக இருப்பது இயல்புதான். ஆனால் எந்த மூலச் சரக்கு எந்த டப்பாவுக்குப் போனது என்று அவர்கள் சொல்ல முடிய வேண்டும். மாமாவுக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை.

நீங்கள் பார்க்கும்போது, அடையாளச் சோதனை எப்படிச் செய்தார்கள் என்று கவனியுங்கள். "நிறம், மணம்: சரி" என்பது அடையாளச் சோதனை இல்லை. பொருட்களை ஒரு தகட்டில் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.டி.எல்.சி. போன்ற முறையில் உண்மையான வேரின் மாதிரியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் நல்லது. இலையில் நிறைய இருந்து வேரில் அநேகமாக இல்லாத ஃபிளேவனாய்டு பொருட்கள் அதில் தெரிந்துவிடும்.

பிறகு கன உலோகங்கள். "தேர்ச்சி" என்று எழுதாமல் எண்ணாக எழுதியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் மூலிகைச் சரக்குக்கு ஈயம் கிலோவுக்கு 10 மி.கி., காட்மியம் 0.3 மி.கி. என்பது உச்ச வரம்பு. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது ஒரு நல்ல அளவுகோல்.

கடைசியாகத் தேதி. சோதனைத் தேதி அந்தப் பேட்ச் தயாரான காலத்தோடு பொருந்த வேண்டும். வெவ்வேறு பேட்சுகளின் சான்றிதழ்களில் எல்லா எண்களும் புள்ளிக்குப் பிந்தைய இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தால், யாரோ பழைய தாளில் பேட்ச் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். செடியில் அப்படி ஒருபோதும் வராது.

காலாவதி தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூலிகைதானே, சாப்பிடலாமா?

வேண்டாம். லேபிளில் சொன்ன அளவு அந்தத் தேதி வரை இருக்கும் என்பதுதான் உத்தரவாதம். எக்ஸ்ட்ராக்டுகள் ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். தூள் கட்டிதட்டியிருந்தாலோ கேப்ஸ்யூல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ தேதி இருந்தாலும் நான் விட்டுவிடுவேன்.

நான் வேறு மருந்துகளும் சாப்பிடுகிறேன். லேபிளில் எச்சரிக்கை எதுவும் இல்லை, அப்படியென்றால் பயமில்லைதானே?

எச்சரிக்கை இல்லாதது பயமில்லை என்பதற்குச் சான்று ஆகாது. அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவை மாற்றலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கான மருந்துகளோடும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளோடும் மோதலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் சாப்பிடத் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, கடும் அரிப்பு என்று தெரியவரும். அப்படி எதுவும் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், டப்பாவோடு.

மாமாவுக்குத் தைராய்டு மாத்திரை இருக்கிறது. இது எனக்குத் தெரிந்ததே சான்றிதழ் விவகாரமெல்லாம் முடிந்த பிறகுதான். முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். இப்போது அந்த டப்பா மூடியபடியே இருக்கிறது. தூக்கத்தைப் பற்றி அவர் தன் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.